மருத்துவக் காப்பீட்டுக் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால்: ஷரத்தையும் கேஸ் ஷீட்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

மருத்துவக் காப்பீட்டுக் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது என்று சொன்னதும் இரண்டு விதமான அறிவுரைகள் வந்து சேரும். "அவங்க அப்படித்தான், விட்டுடுங்க" என்பது ஒன்று. "டாக்டர்கிட்ட ஒரு சர்டிஃபிகேட் வாங்கி, குடும்பக் கஷ்டத்தையும் விவரமா எழுதி அனுப்புங்க, மனசு இறங்குவாங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே, முடிவு நிறுவனத்தின் மனநிலையைப் பொறுத்தது என்று எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் மேல்முறையீடு செய்யும் பலர், கடிதத்தில் எழுத வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள்.

நிராகரிப்பு என்பது ஒரு வாதம். அதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. "பாலிசியில் இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது" என்பது முதல் பாதி. "உங்கள் மருத்துவ ஆவணத்தின்படி அந்த நிபந்தனை உங்களுக்குப் பொருந்துகிறது" என்பது இரண்டாவது. மேல்முறையீடு என்றால், இந்த இரண்டும் உண்மையிலேயே ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காட்டச் சொல்வது. பொருந்தவில்லை என்றால் அதை ஆவணத்தோடு நிரூபிப்பது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு வகை நிராகரிப்பை வைத்துப் பார்ப்போம்: "பாலிசி எடுப்பதற்கு முன்பே உங்களுக்கு இந்த நோய் இருந்தது" என்று சொல்லி மறுப்பது. ஆவணங்களை ஒழுங்காகப் படித்தாலே பதில் கிடைக்கக்கூடிய வகை இது.

## எல்பிடபிள்யூ ரிவ்யூ போல

கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டு, பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்கிறார். மூன்றாவது நடுவர் என்ன பார்க்கிறார்? பந்து முதலில் மட்டையில் பட்டதா? லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? காலில் பட்ட இடம் ஸ்டம்புகளுக்கு நேராக இருந்ததா? தொடர்ந்து போயிருந்தால் ஸ்டம்பைத் தொட்டிருக்குமா? இவை எல்லாமே பந்து வீசியவருக்குச் சாதகமாக இருந்தால்தான் அவுட். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது என்பது ஒன்று மட்டும் உறுதியானால் போதும், மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம். பேட்ஸ்மேன் அன்று எவ்வளவு அருமையாக ஆடினார் என்பதை யாரும் கேட்பதில்லை.

பாலிசியில் உள்ள விலக்குகளும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பாலிசி ஆவணத்தில் எண் போட்டு எழுதப்பட்ட ஒவ்வொரு நிபந்தனையையும் ஷரத்து என்கிறோம். பணம் தர மறுக்க உதவும் ஒரு ஷரத்துக்குள் பெரும்பாலும் மூன்று நான்கு கூறுகள் ஒளிந்திருக்கும். அத்தனை கூறுகளும் உங்கள் விஷயத்தில் உண்மையாக இருந்தால்தான் அந்த ஷரத்து உங்கள் மீது பாயும். ஒரு கூறு விழுந்தாலும் அந்த ஷரத்தை வைத்து மறுக்க முடியாது.

ஆகவே மேல்முறையீட்டின் முதல் வேலை பேனாவை எடுத்து எழுதுவதல்ல. நிறுவனம் சொன்ன ஷரத்தைக் கூறு கூறாகப் பிரிப்பது.

## முதலில் கையில் இருக்க வேண்டியவை

நிராகரிப்புக் கடிதத்தில் எந்த ஷரத்தின் கீழ் மறுத்தார்கள், எந்த ஆவணத்தை வைத்து மறுத்தார்கள் என்ற இரண்டும் இருக்க வேண்டும். "பாலிசி விதிமுறைகளின்படி கிளெய்ம் ஏற்கத்தக்கதல்ல" என்று மட்டும் இருந்தால், ஷரத்து எண்ணையும் அடிப்படை ஆவணத்தையும் கேட்டு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, மறுக்கும்போது பாலிசியின் குறிப்பிட்ட நிபந்தனையைச் சுட்டிக்காட்டி முழு விவரம் தர வேண்டும் என்கிறது. நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை வழியாகக் கிடைக்கும் காப்பீடுகளிலும், மறுப்புக்கான காரணத்தையும் அதற்கு அடிப்படையான திட்ட விதியையும் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது முழுப் பாலிசி ஆவணம். விளம்பரக் கையேடோ, ஒரு பக்கச் சான்றிதழோ போதாது. வரையறைகள் என்ற பகுதி உள்ள முழு ஆவணம் வேண்டும். ஷரத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்பது அங்கேதான் இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது நீங்கள் நிரப்பிக் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகலும் வேண்டும். முகவர் உங்களுக்காக நிரப்பியிருந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறார் என்பதை நீங்கள் முதன்முறையாக இப்போதுதான் பார்க்கப் போகிறீர்கள்.

மூன்றாவதாக மருத்துவ ஆவணங்கள். பலர் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடுகிறார்கள். அது கடைசியில் தட்டச்சு செய்யப்பட்ட சுருக்கம் மட்டுமே. உங்களுக்கு வேண்டியது உள்நோயாளி கேஸ் ஷீட்டின் முழு நகல். அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் எழுதியது, மருத்துவர்களின் தினசரிக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, பரிசோதனை முடிவுகள் எல்லாம் அதில் இருக்கும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்தியாவின் மருத்துவ நெறிமுறை விதிகள் (2002) சொல்கின்றன. எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகையும் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். மருத்துவமனையில் இருக்கும்போதே "கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது" என்று வரும் செய்தியை இறுதி நிராகரிப்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பொதுவாக அது முன்கூட்டிய ஒப்புதல் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. பணத்தை நீங்கள் கட்டிவிட்டு, பிறகு பில்களோடு கிளெய்ம் போடும் வழி இன்னும் திறந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சுருக்கமாக: ஷரத்து எண்ணோடு கூடிய நிராகரிப்புக் கடிதம், வரையறைகளோடு கூடிய முழுப் பாலிசி, முன்மொழிவுப் படிவம், முழுக் கேஸ் ஷீட். இவை நான்கும் மேசையில் இல்லாமல் எழுத உட்கார வேண்டாம்.

## ஒரு மாதிரி வழக்கு

விளக்கத்துக்காக ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். 52 வயதுக்காரர் ஒருவருக்கு 2024 மார்ச் 10 அன்று பாலிசி தொடங்கியது. 2025 மே 18 அன்று, அதாவது 14 மாதம் கழித்து, மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கிளெய்ம் போட்டதும் இப்படிக் கடிதம் வந்தது: "டிஸ்சார்ஜ் சம்மரியின்படி நோயாளிக்கு 4 வருடங்களாக நீரிழிவு உள்ளது. இது பாலிசிக்கு முன்பே இருந்த நோய். முன்மொழிவுப் படிவத்தில் தெரிவிக்கப்படவில்லை. ஷரத்து 4.1 மற்றும் 7.2-ன் கீழ் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது."

ஷரத்து 4.1 சொல்வது இது: முன்பே இருந்த நோய்க்கும் அதன் நேரடிச் சிக்கல்களுக்கும் ஆகும் சிகிச்சைச் செலவு, முதல் பாலிசி தொடங்கிய நாளிலிருந்து தொடர்ந்து 36 மாதம் முடியும் வரை வழங்கப்படாது. இந்த 36 மாதம்தான் காத்திருப்புக் காலம். "முன்பே இருந்த நோய்" என்றால் என்ன? வரையறைப் பகுதி சொல்கிறது: பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவரால் கண்டறியப்பட்ட நோய், அல்லது அந்தக் காலத்துக்குள் மருத்துவரிடம் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய். இந்திய பாலிசிகளில் இப்போது இதை ஒட்டிய வாசகமே பரவலாக இருக்கிறது.

ஷரத்து 7.2 வேறு விஷயம். முன்மொழிவுப் படிவத்தில் கேட்ட முக்கியத் தகவலை மறைத்தாலோ தவறாகச் சொன்னாலோ பாலிசி செல்லாது என்கிறது. இதைத் தகவல் மறைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

கடிதத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பதால், இரண்டும் ஒரே குற்றச்சாட்டு போலத் தெரிகிறது. அப்படியல்ல. காத்திருப்புக் காலம் என்பது மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் பொருந்தும் ஒரு கால வரம்பு. தகவல் மறைப்பு என்பது படிவத்தில் கையெழுத்திட்ட நாளில் உங்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றியது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னால், மற்றதை வைத்து மறுப்பு அப்படியே நிற்கும்.

## ஷரத்து 4.1-ஐப் பிரித்தால்

வரையறையையும் சேர்த்துப் படித்தால் அதில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. நோயை ஒரு மருத்துவர் கண்டறிந்தாரா, அல்லது அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ தந்தாரா? அது பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் நடந்ததா? இப்போது எடுத்த சிகிச்சை அந்த நோய்க்கானதா, அல்லது அதன் நேரடிச் சிக்கலுக்கானதா? காத்திருப்புக் காலம் இன்னும் முடியாமல் இருக்கிறதா?

நான்காவது கேள்விக்குப் பதில் ஆம். 14 மாதம்தான் ஆகியிருக்கிறது. அதை மறுக்க முயல வேண்டாம். ஆனால் கணக்கைச் சரிபாருங்கள். சில கடிதங்களில் புதுப்பித்த தேதியிலிருந்து கணக்குப் போட்டிருப்பார்கள். ஷரத்து முதல் பாலிசி தொடங்கிய நாள் என்று சொன்னால், அந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

மூன்றாவது கேள்வி வாதத்துக்குரியது. மாரடைப்பு நீரிழிவின் நேரடிச் சிக்கலா? நீரிழிவு இதய நோய்க்கான பெரிய அபாயக் காரணிகளில் ஒன்று. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு, வயது எல்லாமும் அப்படித்தான். அபாயக் காரணி வேறு, நேரடிச் சிக்கல் வேறு என்று வாதிடலாம். ஆனால் எதிர்த் தரப்பு மருத்துவரும் வலுவாகப் பேசக்கூடிய இடம் இது. இதைக் கடிதத்தின் முதல் வாதமாக வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

முதல் இரண்டு கேள்விகள்தான் தேதியை வைத்துத் தீர்க்கக்கூடியவை. நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, சேர்க்கப்பட்ட நாளுக்கு 4 வருடம் முன்பு நோய் வந்தது. அதாவது 48 மாதம். அதில் பாலிசிக்குப் பிந்தைய 14 மாதத்தைக் கழித்தால் 34. பாலிசிக்கு 34 மாதம் முன்பு கண்டறியப்பட்டது என்று ஆகிறது. 36 மாத வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த "4 வருடம்" உண்மையானால் மறுப்பு நிற்கும். அது தவறானால் மறுப்பின் அடித்தளமே போய்விடும். ஆக, இந்த வழக்கு முழுவதும் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரே ஒரு வரியில் தொங்குகிறது.

## அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது?

இப்போது கேஸ் ஷீட்டைத் திறக்க வேண்டும். ஒரு நோயாளியின் முந்தைய நோய் வரலாறு கேஸ் ஷீட்டில் ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் எழுதுவார். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் எழுதுவார். இதய மருத்துவக் குழு வந்து இன்னொரு முறை எழுதும். கடைசியில், இவர்களில் யாராகவும் இல்லாத ஒரு பயிற்சி மருத்துவர், எல்லாவற்றையும் பார்த்து டிஸ்சார்ஜ் சம்மரியைத் தயாரிக்கலாம். தகவல் சொல்வதும் நோயாளியாகவே இருக்க வேண்டியதில்லை. நெஞ்சு வலியில் துடிப்பவரைக் கேட்க முடியாமல், கூட வந்தவரைக் கேட்டு எழுதியிருப்பார்கள்.

நம் மாதிரி வழக்கில், அவசரப் பிரிவுத் தாளில் "நீரிழிவு, 4" என்று எழுதி, பக்கத்தில் மாதத்தைக் குறிக்கும் எம் என்ற எழுத்து இருக்கிறது. செவிலியர் குறிப்பிலும் "4 மாதமாக மாத்திரை" என்று இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் அது 4 வருடமாக மாறியிருக்கிறது. அவசரமாக எழுதிய கையெழுத்தில் எம்மை ஒய் என்று படித்திருக்கலாம். படிவத்தில் தானாக வந்து விழும் வாசகத்தைத் திருத்தாமல் விட்டிருக்கலாம். காரணம் எதுவானாலும், ஒரே மருத்துவமனையின் ஒரே கோப்பில் இரண்டு தாள் ஒன்றைச் சொல்கிறது, மூன்றாவது தாள் வேறொன்றைச் சொல்கிறது.

இங்கே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஆவணம் வலுவானது என்று எளிதாகத் தெரியும். தகராறு வருவதற்கு முன்பு, சம்பவம் நடந்த நேரத்திலேயே, பணத்தில் அக்கறை இல்லாதவர் எழுதியதுதான் வலுவானது. மறுப்புக்குப் பிறகு வாங்கும் கடிதம் அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கும். அதனால் முதலில் தேட வேண்டியது நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட நாளின் சீட்டு. நம் வழக்கில் 2025 ஜனவரி 12 தேதியிட்ட மருந்துச் சீட்டு இருக்கிறது. அதில் "புதிதாகக் கண்டறியப்பட்ட நீரிழிவு" என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவும் இருக்கிறது. பாலிசி தொடங்கி 10 மாதம் கழித்து.

## பழைய பரிசோதனை முடிவு எவ்வளவு தூரம் உதவும்?

இவரிடம் 2024 ஜனவரி 22 அன்று, பாலிசிக்கு முன்பு, அலுவலகத்தில் எடுத்த உடல் பரிசோதனை முடிவும் இருக்கிறது. அதில் எச்பிஏ1சி 5.5 சதவீதம். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் பரிசோதனை. 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் முன்நிலை, அதற்குக் கீழே இயல்பு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

5.5 என்று இருக்கிறதே, போதாதா? போதாது. நிறுவனத்தின் மருத்துவர் இப்படிக் கேட்கலாம்: "ஏற்கெனவே நீரிழிவு இருந்து, மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருந்திருக்கலாமே?" நியாயமான கேள்விதான். அதனால் இந்த முடிவோடு, அந்தக் காலத்தில் நீரிழிவு மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அந்த உடல் பரிசோதனைத் தாளிலேயே "தற்போது எடுக்கும் மருந்துகள்: இல்லை" என்று இருக்கலாம். குடும்ப மருத்துவரின் பதிவேடு இருக்கலாம். மருந்துக்கடை பில்கள் நீரிழிவு மாத்திரைக்கு 2025 ஜனவரியிலிருந்துதான் தொடங்குகின்றன என்று காட்டலாம். ஓர் ஆவணம் தனியாகச் சொல்வதைவிட, இரண்டு மூன்று ஆவணங்கள் ஒரே தேதியைக் காட்டும்போதுதான் எதிர்வாதம் வலுவிழக்கிறது.

எதிர்த் தரப்பிலிருந்து இன்னொரு கேள்வியும் வரும். "இதய ரத்தக் குழாயில் இவ்வளவு அடைப்பு 4 மாத நீரிழிவில் வராது. நோய் பல வருடமாக உடலில் இருந்திருக்க வேண்டும்." மருத்துவ ரீதியாக இதில் உண்மை இருக்கலாம். இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படாமலே நெடுநாள் இருக்கக்கூடியதுதான். ஆனால் ஷரத்து என்ன கேட்கிறது என்று திரும்பப் படியுங்கள். நோய் எப்போது உடலில் தொடங்கியது என்று அது கேட்கவில்லை. மருத்துவர் எப்போது கண்டறிந்தார், எப்போது சிகிச்சை தந்தார் என்றுதான் கேட்கிறது. யாரும் கண்டறியாத நோய் இந்த வரையறைக்குள் வராது. ஷரத்தின் சரியான வாசகத்தைக் கையில் வைத்துக்கொள்வது ஏன் அவசியம் என்பது இங்கேதான் தெரிகிறது. வேறு பாலிசிகளில், குறிப்பாகப் பழையவற்றில், "அறிகுறிகள் தென்பட்ட நோய்" என்ற சொற்களும் சேர்ந்திருக்கும். அப்படி இருந்தால் இந்தப் பதில் செல்லாது. அறிகுறி எப்போது வந்தது என்ற கேள்விக்கும் ஆவணம் தேட வேண்டியிருக்கும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: நான்கு கேள்விகளில் ஒன்றை ஒப்புக்கொண்டோம், ஒன்றைத் துணை வாதமாக வைத்தோம். மற்ற இரண்டும், அதாவது யார் எப்போது கண்டறிந்தார் என்பது, நம் பக்கம் இருக்கிறது. அதற்கு ஆதாரம் ஜனவரி 12 சீட்டு, அவசரப் பிரிவுத் தாள், செவிலியர் குறிப்பு, பழைய உடல் பரிசோதனை.

## மருத்துவமனையிடம் என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கக் கூடாது

பலர் செய்வது இதுதான். மருத்துவமனைக்குப் போய், "4 வருடம்" என்ற வரி இல்லாத புதிய டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை வாங்கி அனுப்பிவிடுவார்கள். இதைவிடக் கெடுதலான காரியம் இல்லை. பழைய சம்மரி ஏற்கெனவே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரே சிகிச்சைக்கு இரண்டு சம்மரி, ஒன்றில் அந்த வரி காணாமல் போயிருக்கிறது என்றால், ஆவணம் திருத்தப்பட்டது என்ற சந்தேகம்தான் வரும். உண்மையான பிழையைத் திருத்தியதே பொய் போலத் தோன்றிவிடும்.

கேட்க வேண்டியது ஒரு திருத்தக் குறிப்பு. பழைய சம்மரியை அப்படியே விட்டுவிட்டு, அதோடு இணைக்கப்படும் தனித் தாள். அதில் இன்றைய தேதி, பழைய சம்மரியில் உள்ள வரி, சரியான தகவல், எந்த அடிப்படையில் திருத்தப்படுகிறது என்ற காரணம் எல்லாம் இருக்க வேண்டும். "அவசரப் பிரிவு மதிப்பீட்டுத் தாளிலும் செவிலியர் குறிப்பிலும் 4 மாதம் என்று பதிவாகியுள்ளது; சம்மரியில் 4 வருடம் என்பது பதிவுப் பிழை" என்ற அளவில் போதும். சிகிச்சை அளித்த மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், மருத்துவமனை முத்திரை வேண்டும்.

மருத்துவரின் கடிதம் வாங்குவதானாலும் இப்படித்தான். "நோயாளிக்கு இந்தச் சிகிச்சை அவசியமாக இருந்தது, காப்பீடு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதித் தந்தால் அது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. சிகிச்சை தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லையே. நீரிழிவுக்கு மருத்துவம் பார்த்தவர், நோயாளியை முதலில் பார்த்த தேதி, நோயைக் கண்டறிந்த தேதி, எந்தப் பரிசோதனையால் கண்டறிந்தார், அதற்கு முன் மாத்திரை எடுத்ததாகப் பதிவு உண்டா என்ற நான்கையும் எழுதினால் போதும். மருத்துவர்கள் நேரமில்லாதவர்கள். என்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதை ஷரத்தின் நகலோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர்களுக்கும் வேலை எளிது.

ஒருவேளை மருத்துவமனை திருத்தக் குறிப்பு தர மறுத்தால்? அதோடு வழக்கு முடிந்துவிடாது. கேஸ் ஷீட்டின் சான்றொப்பமிட்ட நகலே முரண்பாட்டைக் காட்டும். திருத்தம் கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.

## ஷரத்து 7.2-க்கான பதில்

தகவல் மறைப்பு என்று சொல்வதற்கும் கூறுகள் உண்டு. படிவத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும். பதில் சொன்ன நாளில் அந்தப் பதில் தவறாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தகவல், பாலிசி தருவதா வேண்டாமா, எவ்வளவு பிரீமியம் என்ற முடிவை மாற்றக்கூடியதாக இருந்திருக்க வேண்டும்.

இவர் 2024 பிப்ரவரியில் படிவத்தில் "நீரிழிவு உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொன்னார். கண்டறியப்பட்டது 2025 ஜனவரியில். சொன்ன நாளில் பதில் சரி. தெரியாத ஒன்றை மறைக்க முடியாது. 4.1-க்கு வைத்த அதே ஆவணங்கள் இங்கேயும் வேலை செய்கின்றன, ஆனால் பதிலைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். புதுப்பிக்கும்போது புதிய நோய்களைத் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் பாலிசியில் ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவர் 2025 மார்ச்சில் புதுப்பித்தபோது நோய் தெரிந்திருந்தது.

படிவத்தை வாங்கிப் பார்த்தால் சில சமயம் அந்தக் கேள்வியே அதில் இருக்காது. முகவர் எல்லா இடத்திலும் "இல்லை" என்று டிக் அடித்திருப்பதும் நடக்கும். உண்மையில் நோய் முன்பே இருந்து, முகவரிடம் சொல்லியும் அவர் எழுதாமல் விட்டிருந்தால் நிலைமை கடினம். கையெழுத்து உங்களுடையது. முகவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, மின்னஞ்சல், பதிவான அழைப்பு என்று ஏதாவது எழுத்துச் சான்று இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.

## கடிதத்தை எழுதுவது

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஷரத்தின் வாசகத்தைச் சுருக்காமல், மாற்றாமல் அப்படியே மேற்கோள் காட்டுங்கள். அதற்குக் கீழே கூறு கூறாகப் பதில். ஒவ்வொரு பதிலுக்கும் இணைப்பு எண், பக்க எண். மையப் பத்தி இப்படி இருக்கலாம்:

"ஷரத்து 4.1 பொருந்த வேண்டுமானால், 10.03.2024-க்கு முந்தைய 36 மாதங்களுக்குள் நீரிழிவு மருத்துவரால் கண்டறியப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ பெறப்பட்டிருக்க வேண்டும். நீரிழிவு முதன்முதலில் கண்டறியப்பட்டது 12.01.2025 அன்று (இணைப்பு 3). தங்கள் கடிதம் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு வரியை மட்டும் சார்ந்துள்ளது. அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தாளிலும் (இணைப்பு 4, பக்கம் 2) செவிலியர் குறிப்பிலும் (இணைப்பு 4, பக்கம் 11) கால அளவு 4 மாதம் என்றே உள்ளது. சம்மரியில் உள்ளது பதிவுப் பிழை என மருத்துவமனை உறுதி செய்துள்ளது (இணைப்பு 5). 10.03.2024-க்கு முன் நோய் கண்டறியப்பட்டதற்கோ சிகிச்சை பெற்றதற்கோ தங்களிடம் வேறு ஆவணம் இருந்தால் அதன் நகலைத் தரவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுப்புக்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு மறுப்பவருக்கு இருக்கிறது என்பதை அது பணிவாக நினைவூட்டுகிறது. வேறு காரணம் ஏதும் உண்டென்றால் அதையும் இப்போதே எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். முதல் காரணம் விழுந்ததும் புதிய ஷரத்தோடு இரண்டாவது கடிதம் வருவதுண்டு. எல்லாக் காரணங்களையும் முன்பே கேட்டு வைத்திருந்தால், பிறகு வரும் காரணம் பின்னால் தேடிப் பிடித்தது என்று அடுத்த கட்டத்தில் காட்டலாம்.

## எப்போது இது வேலை செய்யாது?

ஷரத்தைப் பிரித்துப் பார்த்த பிறகு எல்லாக் கூறுகளும் உண்மையென்று தெரிந்தால், மறுப்பு சரியானது. கண்புரை, குடலிறக்கம் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு முதல் 24 மாதம் பணம் இல்லை என்று பட்டியலோடு ஒரு ஷரத்து இருந்து, 15-வது மாதம் கண்புரை அறுவை செய்திருந்தால், நோய் எப்போது வந்தது என்பதே அங்கே கேள்வி இல்லை. எந்த மருத்துவ ஆவணமும் அதை மாற்றாது. விபத்தால் நேர்ந்தது போன்ற விதிவிலக்கு அந்த ஷரத்திலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பகுதி மறுப்பும் உண்டு. அறை வாடகை வரம்பைத் தாண்டியதால் குறைத்தது, காப்பீட்டில் சேராத பொருட்களுக்குக் கழித்தது போன்றவை. அவற்றில் மருத்துவ ஆவணத்தைவிட பில்லும் கணக்கும்தான் பேசும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடப்பில் இருந்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி இல்லாதவரை, தகவல் மறைப்பு என்று சொல்லிக் கிளெய்மை எதிர்க்க முடியாது. 2024-க்கு முன் இது 8 வருடமாக இருந்தது. பழைய பாலிசிதாரருக்கு 7.2 போன்ற ஷரத்தைக் காட்டி மறுப்பு வந்தால், மருத்துவ ஆவணத்துக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

## நிறுவனம் மீண்டும் மறுத்தால்

இதற்கு மேல் நிறுவனத்துக்கு வெளியே ஒரு அமைப்பிடம் போக வேண்டும். இந்தியாவில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருந்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ போகலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பிரிட்டனில் நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள் நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளரை அணுக வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான திட்டங்களில் உள் மேல்முறையீட்டுக்கு 180 நாள் உண்டு. மருத்துவ முடிவு சம்பந்தப்பட்ட மறுப்பானால், அதற்குப் பிறகு 4 மாதத்துக்குள் வெளி மறுஆய்வு கேட்கலாம். எந்த நாட்டிலானாலும் கெடு தேதியை நிராகரிப்புக் கடிதம் வந்த அன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட் வாங்குவதிலும் திருத்தக் குறிப்புக்கு அலைவதிலும் வாரங்கள் ஓடிவிடும்.

அங்கே கொண்டுபோக வேண்டியது புதிய கதை அல்ல. நிறுவனத்துக்கு எழுதிய அதே கடிதம், அதே இணைப்புகள், அவர்கள் தந்த பதில். அதோடு மேலே ஒரே ஒரு தாள்: இடது பக்கம் ஷரத்தின் ஒவ்வொரு கூறு, நடுவில் நிறுவனம் காட்டிய ஆவணம், வலது பக்கம் உங்கள் ஆவணமும் பக்க எண்ணும். நடுவில் இருக்கும் பத்தி எந்த வரியில் காலியாக இருக்கிறதோ, விசாரிப்பவர் முதல் கேள்வியை நிறுவனத்திடம் அங்கிருந்துதான் தொடங்குவார்.